காதுகுத்து நேரத்தில் துடைத்த மெஷின்

முனிலட்சுமியின் பெயர் எங்கள் சனத்தில் முதன்முதலாக அடிபட்டது அவள் கல்யாணத்தன்றுதான். சூளகிரிப் பக்கத்து ஆஞ்சப்பனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். தாலி ஏறி அரைமணிகூட ஆகவில்லை, பெண்ணைக் காணோம் என்று பேச்சு கிளம்பியது. தேடிப் போனால், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சமையல்காரர் கழுவிக் கவிழ்த்திருந்த அண்டாவை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியில கையை வுட்டுப் பாத்தேன். பருப்பு இருந்தது" என்றாள்.

"இவ குடும்பம் நடத்த வந்தாளா, அண்டா தேய்க்க வந்தாளா?" என்று மாமியார் சரோஜம்மாள் அங்கேயே கேட்டாள். இரண்டு வருடம் கழித்து, தேய்ப்பதற்கே அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது.

ஜூஜுவாடியில் ஒரு சின்ன மாத்திரைக் கம்பெனி. வாசலில் "தரமே எங்கள் தெய்வம்" என்று பலகை. முதலாளி தெய்வத்தைப் பார்க்க மாதம் ஒருமுறை பெங்களூரிலிருந்து வருவார். மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் அறை முனிலட்சுமியின் பொறுப்பு. ஒரே மெஷினில் இன்று சர்க்கரை வியாதி மாத்திரை ஓடும், நாளை காய்ச்சல் மாத்திரை ஓடும். நடுவில் லைன் கிளியரன்ஸ். அதாவது, முந்தின மாத்திரையில் ஒன்றுகூட, முந்தின பெயர் அச்சடித்த ஃபாயிலில் ஒரு துண்டுகூட அந்த அறையில் மிச்சம் இருக்கக் கூடாது. அவள் சுத்தம் செய்ய வேண்டும், சூப்பர்வைசர் சோதிக்க வேண்டும், குவாலிட்டிக்காரர் மறுபடி பார்க்க வேண்டும். பேட்ச் ரெக்கார்டு என்று ஒரு கட்டுத் தாள் உண்டு. அதில் மூன்று பேரும் அவரவர் கையால், அந்தந்த நேரத்திலேயே, மணி போட்டுக் கையெழுத்திட்ட பிறகுதான் மெஷினைத் தொடலாம்.

சூப்பர்வைசர் ராஜசேகர் வேறு யாருமில்லை. முனிலட்சுமியின் ஓரகத்தி பிரியாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அதை அவர் தினமும் ஒருமுறை சொல்லிக்காட்டுவார் என்பதைத் தவிர, தங்கமான மனிதர்.

போன மாசியில் ஒருநாள் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு புகார் வந்தது. ஒரு பஸ் கண்டக்டரின் மனைவி, காய்ச்சல் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். ஒன்பது மாத்திரை தட்டையாக இருக்க, பத்தாவது மட்டும் வயிறு புடைத்திருந்தது. அது சர்க்கரை மாத்திரை. விழுங்கவில்லை, புண்ணியவதி. கடைக்காரரிடம் கொடுத்துவிட்டாள்.

கம்பெனியில் பேட்ச் ரெக்கார்டைப் பிரித்தார்கள். அந்தக் காய்ச்சல் மாத்திரை ஓடுவதற்கு முன் அதே மெஷினில் ஓடியது சர்க்கரை மாத்திரைதான். சுத்தம் செய்தவர்: முனிலட்சுமி. சோதித்தவர்: ராஜசேகர், காலை பத்து நாற்பது. அதற்குக் கீழே குவாலிட்டிக்காரர். அவர் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போடும் திறமைசாலி. இதற்குள் பெங்களூரில் இன்னும் பெரிய கம்பெனிக்கு அவரைக் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

மிச்சம் இருந்தவர்களில் சம்பளம் குறைந்தவள் மேல்தான் தப்பு என்பதைக் கண்டுபிடிக்க முதலாளிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "ஏனம்மா, கண்ணு தெரியலியா?" என்று கேட்டுவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

முனிலட்சுமி ரெக்கார்டில் போட்டிருந்த தேதியைப் பார்த்தாள். தை மாதம் இருபத்தேழு.

அன்றைக்கு அவள் கம்பெனிக்கே வரவில்லை. குருபரப்பள்ளிக் கோயிலில் பிரியாவின் மகளுக்கு மொட்டையடித்துக் காதுகுத்து. வீட்டு மூத்த மருமகள் அவள், முப்பது கிலோ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வேலைக்கு வந்தபோது ராஜசேகர், "வருகைப் பதிவுல வந்ததாவே போட்டுட்டேன். ஒரு லீவு மிச்சம். அண்ணனை நெனச்சிக்கோ" என்றார். நினைத்துக்கொண்டாள். அந்த அண்ணன், தாளில் வந்தவளைச் சும்மா இருக்க விடாமல் தாளிலேயே மெஷினையும் துடைக்க வைத்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

ராஜசேகர் அவளை மாடிப்படி ஓரமாகக் கூட்டிப்போனார்.

"இதா பாரு முனிலட்சுமி, நீயே பண்ணதா இருக்கட்டும். ரெண்டு மாசத்துல வேற கம்பெனில சேத்து வுடறேன்."

"வேற கம்பெனில கேப்பாங்களேண்ணா, மாத்திரையைக் கலக்க வுட்டவ நீதானான்னு."

"அன்னிக்கு லீவுன்னு சொன்னா, வராத நாளுக்கு சம்பளம் வாங்கினவன்னு உன்னத்தான் சொல்லுவாங்க. நல்லா யோசி."

வீட்டில் சரோஜம்மாள் அதைவிடத் தெளிவாக இருந்தாள். "மாமங்காரனைக் காட்டிக் குடுத்துட்டு, நாளைக்கு அந்தப் புள்ளைக்குச் சீர் யாரு கொண்டாருவா? உங்கப்பனா?"

ஆஞ்சப்பன் டிவியைப் பார்த்தபடி, "உனக்கு எது சரியோ அதைச் செய்" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் எடுத்த முடிவுகள் எல்லாம் இதே முடிவுதான்.

குவாலிட்டிக்குப் புதிதாக வந்திருந்தவள் அனுப்ரியா, சேலத்துப் பெண். விசாரணைத் தாளை அவள்தான் எழுதி முடிக்க வேண்டும். சனிக்கிழமை முனிலட்சுமியைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க எப்படிச் சுத்தம் பண்ணுவீங்கன்னு செஞ்சு காட்டுங்க" என்றாள்.

முனிலட்சுமி செய்து காட்டினாள். மேலே மாத்திரை கொட்டும் கூடையைக் கழற்றினாள். மாத்திரையைத் தள்ளிவிடும் பிரஷ் பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினாள். பெட்டி உட்காரும் மூலையில் விரலை விட்டுத் துழாவினாள். தூசியை வாக்குவத்தில் உறிஞ்சி, ஸ்பிரிட் துணியால் துடைத்து, கழிவு டப்பாவைக் காலி செய்து, டார்ச் அடித்து மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நாற்பது நிமிடம் ஆனது.

அனுப்ரியா அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெட்டியைக் கழட்டாம மேலாக்கத் துடைச்சா இங்க ஒரு மாத்திரை நிக்கும். நீங்க கழட்டுறீங்க. அப்ப அன்னிக்கு மட்டும் ஏன்க்கா?"

முனிலட்சுமி துணியை மடித்து வைத்தாள். பிறகு லாக்கருக்குப் போய், பையிலிருந்து ஒரு மஞ்சள் பத்திரிகையை எடுத்து வந்து வைத்தாள். காதணி விழா. தை இருபத்தேழு, காலை பத்தரை முதல் பதினொன்றே முக்கால் வரை. தாய்மாமன் மடியில் அமர்த்தி. தாய்மாமன் பெயர் கொட்டை எழுத்தில், போட்டோவோடு.

"நான் அன்னிக்கு லீவு மேடம். வந்ததா எழுதினது எனக்குத் தெரியும், சும்மா இருந்துட்டேன். அது என் தப்பு. மெஷினு என் தப்பு இல்ல."

அனுப்ரியா பத்திரிகையையும் ரெக்கார்டையும் அருகருகே வைத்தாள். பத்து நாற்பதுக்கு ராஜசேகர் குருபரப்பள்ளியில் உதைத்து அலறும் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, அதே பத்து நாற்பதுக்கு ஜூஜுவாடியில் மெஷினுக்குள் டார்ச் அடித்தும் பார்த்திருக்கிறார். அப்படிப்பட்ட ஆளுக்கு முதலாளி ஒரே ஒரு சம்பளம்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மெஷின் ஓட்டும் கோபியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் ஒளிக்கவில்லை. "சார் போன் பண்ணாரு மேடம். மேலாக்கத் துடைச்சிட்டு ஓட்டு, மத்தியானம் வந்து எழுதிக்கறேன்னாரு. பின்னாடி ஆடு வெட்டுற சத்தம்கூடக் கேட்டுச்சி."

மத்தியானம் பிரியாணி சாப்பிட்டு வந்து, காலை நேரத்தைப் போட்டு, முனிலட்சுமியின் கையெழுத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

அந்த பேட்ச் மொத்தத்தையும் கடைகளிலிருந்து திருப்பி வரவழைத்தார்கள். முனிலட்சுமியை நிறுத்தும் பேச்சு நின்றது. வராததை மறைத்ததற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் ஒருநாள் சம்பளப் பிடித்தமும் கிடைத்தன. தன் கையெழுத்தைத் தானே போட்டு வாங்கிக்கொண்டாள். ராஜசேகர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அத்திப்பள்ளியில் பிஸ்கட் கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம். அங்கே என்ன எழுதுகிறாரோ, நான் கேட்கவில்லை. முதலாளி மட்டும் வாசல் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்.

பிரியா இன்றுவரை முனிலட்சுமியோடு பேசுவதில்லை. சரோஜம்மாள் பேசுகிறாள், சாப்பாட்டு நேரத்தில் மட்டும். அடுத்து வீட்டில் நடந்த விசேஷத்தின் பத்திரிகையில் முனிலட்சுமியின் பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சுப்பிழை என்றார்கள். ஆனால் அண்டா கழுவ ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போய்க் கழுவிக் கொடுத்தாள்.

இப்போது முனிலட்சுமி அதே ஜூஜுவாடிக் கம்பெனியில், அதே அறையில், காலை ஷிப்டில் வேலை செய்கிறாள்.