தாடை பார்த்து எழுதிய தேர்வு

எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதிலும் ஒரு தேர்வுத்தாளில் 'தண்ணீர், தன்னீர், தன்ணீர், இவற்றில் சரியானது எது?' என்று கேட்டிருந்தால் அது துள்ளிக் குதித்து இறங்கிவிடும். இல்லாத சொற்களை எழுதப் பழகுபவர் கண்ணில் காட்டினால், மறுநாள் எது மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று யார் சொல்ல முடியும்? இதை நான் ஒரு கூட்டத்தில் உரக்கச் சொல்லித் தொலைத்தேன். "அப்போ நீங்களே ஒண்ணு செஞ்சு கொடுங்க அக்கா" என்றார் வகுப்பை நடத்தும் பெண். வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது எனக்குப் புதிதில்லை.

வகுப்பு சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் சனிக்கிழமை பிற்பகல்களில் நடந்தது. வருபவர்கள் எல்லோரும் பெரியவர்கள். பள்ளியில் மலாய் படித்துவிட்ட தமிழர்கள், வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்தவர்கள், தமிழ்க் குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஒரு சீனப் பெண். அடுத்த தவணையிலிருந்து ஜூரோங்கிலும் இதே வகுப்பு தொடங்கவிருந்தது. இரண்டு இடத்துக்கும் ஒரே தேர்வு வேண்டும், யார் வாசித்தாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஆகவே குரலைப் பதிவு செய்து தரவேண்டும் என்பது ஏற்பாடு. குறில் நெடிலும், ஒன்றுபோல ஒலிக்கும் மெய்களும் பிடிபட்டவர்கள் மட்டுமே இரண்டாம் நிலைக்குப் போகலாம். சொந்தமாக நாலு வரி எழுதக் கற்றுத்தருவது அங்கேதான்.

அந்த இரண்டாம் நிலைக்காகவே காத்திருந்தவர் ஒருவர் உண்டு. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. ஐம்பதை நெருங்குபவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் தாராளமாகப் பேசுவார், எழுத்து மட்டும் வராது. அவருக்குக் கீழே வேலை செய்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். "காலைல மீட்டிங்ல என்ன கேட்டாலும் 'ஓகே சார்'தான் டீச்சர். பயத்துல சொல்றாங்களா, புரிஞ்சு சொல்றாங்களான்னு தெரியல லா. நோட்டீஸ் இங்லீஷ்ல எழுதி மெஷின்ல போட்டு தமிழாக்கி ஒட்டுறோம். அத ஒருத்தன் நின்னு படிச்சு நான் பாத்ததில்ல. நானே எழுதி ஒட்டணும். அப்பவாவது ஏதாவது சொல்லுவாங்களான்னு பாக்கணும்." இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

தேர்வு செய்வதில் எனக்குத் துணை என் தோழி. முன்பு மேடை நாடகங்களில் நடித்தவள். அவள் 'வாழைப்பழம்' என்றால் தோலை உரித்துக் கையில் கொடுத்த மாதிரி இருக்கும். சொற்களை நான் பொறுக்குவேன், அவள் வாசிப்பாள். கல்லும் காலும், விடுவும் வீடும், கொடுவும் கோடும், மலையும் மாலையும் என்று குறில் நெடிலுக்கு ஒரு பகுதி. பல்லியும் பள்ளியும், வலியும் வழியும், மனமும் மணமும், அரையும் அறையும் என்று மெய்களுக்கு ஒரு பகுதி. எழுதியவை அத்தனையும் உண்மையான சொற்கள். ஒரு பொய்ச்சொல்லையும் உள்ளே விடமாட்டேன் என்று காவல் இருந்தேன்.

பதிவு செய்வதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் விட்டோம். தோழி வகுப்பின் முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள், எல்லோரும் எழுதினார்கள். தாள்களைத் திருத்தியபோது என் சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லை. பாதுகாப்பு அதிகாரிக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண். நாங்கள் இருவரும் தேக்கா சந்தைக்குப் போய் ஆளுக்கொரு தே தாரிக் தேநீரும் ரொட்டி பராட்டாவும் வாங்கிக்கொண்டு, தமிழுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதாக முடிவு செய்தோம்.

பிறகு குரலைப் பதிவு செய்தோம். அதே சொற்கள், வரிசை மட்டும் வேறு. ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்து நடத்தினோம். இந்த முறை சிவப்புப் பேனா மை தீர்ந்துபோகும் அளவுக்கு ஓடியது. அதிகாரியின் தாளில் வீடு விடுவாகவும், கோடு கொடுவாகவும், பள்ளி பல்லியாகவும் கிடந்தன. அவர் தேறவில்லை. வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை. தாளைப் பார்த்துவிட்டு அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அவங்க நேர்ல வாசிச்சா வருது டீச்சர். பெட்டி வாசிச்சா வரல. விடுங்க, நமக்கு இவ்வளவுதான்" என்றார். அவர் சிரிக்காததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒலிபெருக்கியைத் திட்டினேன். பிறகு, மைக்கைக் கண்டதும் செய்தி வாசிப்பவளைப் போல வேகமாக ஓட்டிவிட்டாய் என்று தோழியைத் திட்டினேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். சரி, இன்னொரு முறை நேரில் வாசி, எங்கே வேறுபடுகிறது பார்ப்போம் என்றேன். அடுத்த சனிக்கிழமை அவள் முன்னால் நின்றாள். வழக்கமாக அவள் பக்கத்தில் நிற்கும் நான், அன்று காது கொடுத்துக் கேட்பதற்காகக் கடைசி வரிசைக்குப் போனேன்.

கேட்க வேண்டியே இருக்கவில்லை. 'கல்' என்றாள், எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். 'கால்' என்றாள், அவள் தாடை மெல்ல மேலே போனது, கூடவே வலது கையும் காற்றில் நீண்டது. உடனே எல்லாத் தலைகளும் குனிந்து கால் போட்டன. ளகரம் வந்தால் வாயைத் திறந்து நாக்கு மடிவதைக் காட்டினாள். றகரத்துக்குப் புருவத்தை நெரித்தாள். மேடையில் நின்ற பழக்கம், எத்தனையோ வருடமாக உடம்பில் ஊறியது. அவளுக்கே அது தெரியாது. வகுப்பு எழுதியது தமிழை அல்ல, என் தோழியின் தாடையை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதிகாரியிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: "ஆமா டீச்சர். தாடை மேல போனா பெரிய எழுத்து. யார்டுல காதுல அடைப்பான் போட்டுத்தான் நிப்போம். கிரேன் சத்தத்துல யாருக்கு என்ன கேக்கும்? மூஞ்சியும் கையும் பாத்துத்தான் எல்லாம் நடக்கும். இங்கயும் அப்படித்தான்னு நெனச்சேன் லா." பேச்சில் அவர் வீட்டையும் விடுவதையும் ஒருநாளும் குழப்பியதில்லை. எழுதும்போது மட்டும் அந்த வித்தியாசத்தைக் காதில் தேடாமல் முகத்தில் தேடினார். அவர் காதில் ஒரு குறையும் இல்லை, அதை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அதன்பிறகு சில வாரங்கள் தோழியை அலமாரிக்குப் பின்னால் நிற்கவைத்து வாசிக்கச் சொன்னோம். "கடைசியில என்னை மூலையில நிறுத்திட்ட" என்று அங்கிருந்து குரல் வரும், அதையும் ஒருவர் சேர்த்து எழுதிவிடுவார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பதால், சொல்லைத் தாங்களே மெதுவாக உச்சரித்து விரலைச் சொடுக்கிப் பார்க்கச் சொன்னேன். மேசைக்கடியில் எல்லோரும் சொடுக்குவார்கள். கீழே துணிக்கடைக்காரர் ஒருநாள் மேலே வந்து, என்ன பல்லிப் பண்ணை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

தேர்வையும் உடைத்துக் கட்டினேன். சொல்லை ஒருமுறை, அந்தச் சொல் வரும் வாக்கியத்தை ஒருமுறை, மறுபடி சொல்லை ஒருமுறை என்று தோழி இயல்பான வேகத்தில் வாசித்துப் பதிவு செய்தாள். அரையும் அறையும் இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே கேட்கின்றன. வெறும் சொல்லைக் கொடுத்து ரகரமா றகரமா என்று கேட்பது அநியாயம். 'அறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்தினார்' என்றால் பொருள் கையைப் பிடித்து அழைத்துப்போகும். றன்னகரமும் தந்நகரமும், அதாவது ன, ந இரண்டும், எங்கே வரும் என்பது விதி, காதைச் சோதிப்பதில் பயனில்லை என்று அதைத் தேர்விலிருந்தே எடுத்தேன். நெடில் பிழைக்குத் தனி மதிப்பெண், மெய்ப் பிழைக்குத் தனி மதிப்பெண். அப்போதுதான் எங்கே இடறுகிறோம் என்று எழுதியவருக்கே தெரியும்.

இரண்டாவது முறை நடந்த தேர்வில் அதிகாரி கண்களை மூடிக்கொண்டு கேட்டார். வாக்கியம் முடிந்ததும் கண்ணைத் திறந்து எழுதுவார், மறுபடி மூடிக்கொள்வார். சீனப் பெண் அவரைப் பார்த்துத் தானும் மூடிக்கொண்டார். அவர் தாளை இரண்டு முறை திருத்தினேன். நெடில் ஒன்றுகூடத் தப்பாகவில்லை. ளகரத்தில் இரண்டொரு இடறல். தேறிவிட்டார். நான் மாடிப்படியில் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். "நெஜமாவா டீச்சர்?" என்று கேட்டு, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, ஒளிக்க முயலவில்லை.

இரண்டாம் நிலை பாதி நடந்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. தோழியும் நானும் வீராசாமி சாலையில் தோசைக்குக் காத்திருந்தோம். வெள்ளைப்பலகை. மேலே அவர் கையெழுத்தில், குழந்தை எழுதியதுபோலப் பெரிதாக: 'ஏணியில் ஏறும் முன் ஆட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.' அதன் கீழே வேறொரு கையெழுத்து, சின்னதாக, அவசரமாக: 'சார், ஸ்டோர் பக்கத்து நீல ஏணியில் ஒரு படி ஆடுது.'

படத்துக்குக் கீழே அவர் ஒரே வரி அனுப்பியிருந்தார், தமிழில்தான். 'டீச்சர், அந்த ஏணியை அகற்றிவிட்டேன். ஓகே சார் என்று சொல்லாத முதல் ஆள்.'

தோழி கைத்தொலைபேசியை வாங்கி, பலகையில் இருந்ததைச் சத்தமாக வாசித்தாள். 'ஏணி' வந்தபோது அவள் தாடை மேலே போனது, கையும் காற்றில் நீண்டது, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் அவளைக் கேலி செய்யவில்லை. இன்னொரு முறை வாசி என்றேன்.