3 இன்னும் திருந்தல

நூற்றெண்பது. இந்த எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுகஸ்தோட்டையில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் சின்ன மென்பொருள் கம்பனி ஒன்றில், புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை நூற்றெண்பது நாள் தொங்கலில் வைத்திருப்பார்கள். தகுதிகாண் காலம் என்று அதற்குப் பெயர். அதற்குள் போகச் சொன்னால் போக வேண்டியதுதான், ஏன் என்று கேட்க முடியாது.

தர்ஷிகாவுக்கு அன்று நூற்றெழுபத்தேழாவது நாள்.

பன்வில பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் வருகிறவள். அம்மா கலாராணி இன்னும் கொழுந்து பறிக்கிறாள். பஸ் நெரிசலில் காலை மிதித்தாலும் "பரவாயில்ல" என்று மிதித்தவனுக்கே ஆறுதல் சொல்லும் ரகம் தர்ஷிகா. ஆனால் ஒரு மென்பொருளை அவள் கையில் கொடுத்தால் கதையே வேறு. அழுத்தக் கூடாத பொத்தானை அழுத்துவாள், எண் கேட்கும் இடத்தில் பெயரை அடிப்பாள், பாதியில் இணையத்தை அறுப்பாள். எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்து, அந்தக் குறைக்கு ஓர் இலக்கம் போட்டுப் பட்டியலில் ஏற்றுவதுதான் அவள் வேலை. உடைந்ததை ஒட்டுவது அடுத்த மேசையில் இருக்கும் அஜந்தனின் வேலை. யாழ்ப்பாணத்துப் பொடியன், வாய் கொஞ்சம் நீளம்.

அவர்களுடைய வாடிக்கையாளர்களில் முஹ்ஸின் ஹாஜியாரும் ஒருவர். அக்குறணைப் பக்கம் ஐந்து பேக்கரிக் கடை வைத்திருப்பவர். எந்தக் கடைக்கு எத்தனை பணிஸ், எத்தனை பாண் என்று ஓடர் எடுக்கும் மென்பொருளை அவருக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். கடைகளில் அதை ஓட்டிப் பார்க்கவும் தொடங்கியிருந்தார்கள். அதில் மூன்றாம் இலக்கக் குறை பொல்லாதது. ஓடர் அனுப்பிவிட்டு முந்திய திரைக்குத் திரும்பினால், அதே ஓடர் இன்னொரு தடவை போய்விடும். அஜந்தன் இரண்டு தடவை "சரி செய்தாச்சு" என்றான். இரண்டு தடவையும் அது சரியாகவில்லை. அன்று மூன்றாவது தடவையாகத் தர்ஷிகா குறிப்பு எழுதினாள். குறையின் இலக்கத்துக்கு முன்னால் ஹேஷ் போடுவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் வழக்கம். அவளும் போட்டாள்:

#3 இன்னும் திருந்தல.

அதற்குக் கீழே: "ரெண்டு தடவ சொல்லியாச்சு. அதே வேலையத்தான் செய்யுது. மொத்தமா கழட்டிட்டு புதுசா ஒன்னு போட்டா நல்லது."

அஜந்தனுக்கு எழுதியது அது. ஆனால் எல்லாக் குறிப்பும் தன் கண்ணில் பட வேண்டும் என்று ஹாஜியார் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தார். கடைக் கணினியில் ஆறுதலாகப் பார்ப்பார். இந்த வாரம்தான் அவருடைய மருமகன் ஹில்மி, குறிப்புகளைக் காட்டும் கம்பனிச் செயலியை, அதாவது அப்பை, அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதலாளி சந்திரகுமார் தர்ஷிகாவைக் கூப்பிட்டார். அவருடைய மேசையில் அவளுடைய நிரந்தர நியமனக் கடிதம் கிடந்தது. கையெழுத்து இல்லை.

"தர்ஷிகா, ஹாஜியாரோட குடும்பத்துல ஒனக்கு என்னம்மா பிரச்சின?"

"எனக்கா சேர்? நான் அவரக் கண்டது கூட இல்லையே."

"காலங்காத்தால போன் போட்டு ஏசுறாரு. ஒங்க புள்ள எங்க வீட்டு விஷயத்துல கத்துது, கொட்டை எழுத்துல கத்துதுன்னு. மூணாம் கடையப் பாக்குறது அவரு மருமகன். அவனத் திருந்தலன்னு எழுதுனியாமே? கழட்டி விட்டுட்டு வேற ஒன்னு போடச் சொன்னியாமே?"

"சேர், அது கொற மூணு சேர். ஓடர் ரெண்டு தடவ போறது. கொட்டை எழுத்தெல்லாம் நான் போடல."

சந்திரகுமார் தன் கணினியைத் திருப்பிப் பார்த்தார். அடக்கமான சின்ன எழுத்தில் #3 நீல நிறத்தில் இருந்தது. அழுத்தினால் குறை மூன்றின் பக்கம் திறந்தது. எந்தக் கத்தலும் இல்லை.

"எனக்கு விளங்குது," என்றார். "ஆனா அவருக்கு விளங்கணுமே. மருமகன்கிட்ட இருந்து கடைச் சாவியப் புடுங்கிட்டாராம். அவரு ‘சரி’ன்னு எனக்குச் சொல்லட்டும், நான் இதுல கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா என்னால ஒன்னும் செய்ய ஏலாது."

முதலாளிகளின் நியாயம் எப்போதும் இப்படித்தான். தப்பில்லை என்று ஒத்துக்கொள்வார்கள், தண்டனையை மட்டும் கையில் வைத்திருப்பார்கள். தர்ஷிகா வாதாடவில்லை. ஒபிஸ் மடிக்கணினியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாத்தளை ரோட்டு பஸ்ஸில் ஏறினாள்.

ஹாஜியாரின் முதலாம் கடையில் மீன் வைத்த மாலு பணிஸ் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. காசு மேசைக்குப் பின்னால் ஹாஜியார். ஒரு மூலையில், சாவி இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஹில்மி.

"நான் தர்ஷிகா, கம்பனியில இருந்து வாறேன்," என்றாள்.

ஹாஜியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா புள்ள? நான் பெரிய ஆள் ஒருத்தர் எண்டு நெனச்சேன். எழுத்து அந்தப் பெரிசு ஈக்கிது."

"அந்த எழுத்த நான் பாக்கலாமா?"

அவர் போனை நீட்டினார். தர்ஷிகா பார்த்தாள். திரையின் பாதியை அடைத்துக்கொண்டு, மரண அறிவித்தல் சுவரொட்டி மாதிரி, கறுப்பில் தடிப்பாக நின்றது: 3 இன்னும் திருந்தல. மற்ற வரிகள் அதற்குக் கீழே பொடி எழுத்தில்.

எழுத்துப் பெரிதானதை விட வேறொன்றுதான் அவளை உறுத்தியது. ஹேஷைக் காணவில்லை.

அவள் மடிக்கணினியைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் திறந்து, போனைப் பக்கத்தில் வைத்தாள். ஒரே குறிப்பு. இங்கே ஹேஷ் இருக்கிறது, எழுத்துச் சிறியது. அங்கே ஹேஷ் இல்லை, எழுத்து மலை. இப்போது அவள் முகத்தில் பயம் போய், குறை கண்டுபிடிக்கும்போது வரும் அந்தக் களை வந்தது.

"ஹாஜியார், ஒரு நிமிஷம். இதப் பாருங்க." புதுக் குறிப்பு ஒன்றில் அடித்தாள்: #1 ஹாஜியாரோட மாலு பணிஸ்.

போனில் ‘1 ஹாஜியாரோட மாலு பணிஸ்’ கடைப் பலகை அளவுக்கு வந்து நின்றது.

ஹாஜியார் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கோபத்தைக் கொஞ்சம் ஓரத்தில் வைத்தார். "இது நல்லாத்தான் ஈக்கிது. இதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் ஒன்னும் செய்யல. அதுதான் விஷயம்." அவள் அஜந்தனுக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"ஓம், விளங்கீட்டுது," என்றான் அஜந்தன். "வரியிட தொடக்கத்தில ஹேஷ் போட்டா, அது தலைப்புக்கான கட்டளை. கட்டளைய எடுத்திட்டு மிச்சத்தப் பெருசாக் காட்டும். புது விதிப்படி ஹேஷுக்குப் பிறகு ஒரு இடைவெளி இருந்தாத்தான் தலைப்பு. கொம்பியூட்டரில நாங்கள் பாக்கிறது அந்த விதியில ஓடுது. போன் அப்பில கிடக்கிறது பழசு. இடைவெளி இல்லாட்டியும் தலைப்பாக்கிப் போடும்."

"அப்ப யாரோட பிழை?"

"அப்பைச் செய்தது நான்தான்," என்றான் அஜந்தன்.

ஹில்மி முதல் தடவையாக வாய் திறந்தான். "அப்ப மாமா, மூணு எண்டது நான் இல்ல."

"பொறு," என்றார் ஹாஜியார். "புள்ள, இத ஒழுங்கா எழுதிக் காட்டுங்க. ஹேஷை எடுத்துட்டு எழுதுங்க."

அவசரத்தில் தர்ஷிகா ஹேஷை அழித்து, மூன்றுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தாள். 3. இன்னும் திருந்தல. கணினியில் அப்படியே வந்தது. எழுத்தும் அடங்கிவிட்டது. ஹில்மி போனை எட்டிப் பார்த்தான். பிறகு ஹாஜியாரைப் பார்த்தான். பிறகு பணிஸ் தட்டைப் பார்த்தான். தோள் குலுங்கியது.

"என்னடா?"

"மாமா, இப்ப ஒண்ணு இன்னும் திருந்தல எண்டு ஈக்கி."

ஒன்றாம் கடையைப் பார்ப்பது ஹாஜியார்.

"அல்லாஹ்வே," என்றார் ஹாஜியார். "இது என்னையும் உடாது போல."

தர்ஷிகாவுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எண்ணும் புள்ளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் அது பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். பழைய விதியில், எந்த எண்ணை அடித்தாலும் பட்டியல் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். தலைப்பாவது கத்தும், அவ்வளவுதான். இது இலக்கத்தையே மாற்றிவிடும்.

"ஹேஷுக்கு முன்னால பின்பக்கம் சாஞ்ச கோடு ஒண்டு போடும்," என்று போனில் அஜந்தன் சொன்னான். "அப்ப அது கட்டளையா எடுக்காது."

போட்டாள். \#3 என்று அடித்ததும் இரண்டு திரையிலும் #3 அடக்கமாக வந்தது, கோடும் மறைந்தது. ஆனால் தர்ஷிகா திருப்திப்படவில்லை. எழுத்துச் சிறிதானாலும், வாசிக்கிறவர் கடை மூன்று என்றுதானே நினைப்பார். அந்த ஒரு ஹேஷை நம்பி முழு அர்த்தத்தையும் அதன் தலையில் ஏற்றியிருந்தாள். மறுபடி எல்லாவற்றையும் அழித்தாள். நம் ஆட்கள் கடித உறையில் இலக்கத்தை ‘இல.’ என்று எழுதுகிற மாதிரி, சொல்லை முன்னால் வைத்து எழுதினாள்:

குறை இல. 3 – ஓடர் இரண்டு தடவை போகிறது. இன்னும் சரியாகவில்லை.

ஹாஜியார் சத்தமாக வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். "இப்ப விளங்குது. ஓடர் ரெண்டு தடவ போறது. அதானா நேத்து மூணாம் கடைக்கு முந்நூறு பணிஸ் போயி, அதுல பாதி மிச்சம் வந்திச்சி?"

"நான் நூத்தம்பதுதான் கேட்டேன் எண்டு நேத்தே சொன்னேனே மாமா," என்றான் ஹில்மி. "நீங்கதான், கூடக் கேட்டுட்டு பொய் சொல்றான் எண்டீங்க. அதுக்கு மேல காலையில இந்தத் தலைப்பு."

அதுதான் விஷயம். ஹாஜியாருக்கு மருமகன் மேல் சந்தேகம் முந்திய நாளே வந்துவிட்டது. தலைப்பு அதற்குச் சாட்சி சொன்ன மாதிரி வந்து நின்றிருக்கிறது.

ஹாஜியார் லாச்சியைத் திறந்து, சாவிக் கொத்தை எடுத்து, மேசையில் ஹில்மி பக்கம் தள்ளினார். மன்னிப்பெல்லாம் இல்லை. "போ, பின்னேர பாண் வர முந்தி கடையத் தொற," என்றார். ஹில்மிக்கு அது போதும். போகும்போது தர்ஷிகாவிடம், "தங்கச்சி, இனி மூணப் பத்தி எழுதினா எனக்கும் ஒரு சொல் சொல்லிட்டு எழுதுங்க," என்றான்.

"இனி கொற இலக்கம்னு போட்டுத்தான் எழுதுவேன் நானா."

ஹாஜியார் சந்திரகுமாருக்குப் போன் எடுத்தார். "ஓ, ஒங்கட புள்ள இங்கதான் ஈக்கிது. அதுல பிழை இல்ல. பிழை போன்ல. அந்தப் பெரிய எழுத்த எடுங்க, என்ட மாலு பணிஸ மட்டும் அப்படியே உடுங்க." ஒரு பை நிறையப் பணிஸும் கட்டிக் கொடுத்தார். பஸ் ஏறுகிற வரைக்கும் பை சுட்டது.

ஒபிஸில் பணிஸைப் பார்த்ததும் அஜந்தன் முந்திக்கொண்டு கை நீட்டினான். தர்ஷிகா பையைப் பின்னால் இழுத்தாள்.

"மொதல்ல மூணத் திருத்துங்க. பொறகு போன் அப்பத் திருத்துங்க. பொறகு பணிஸ்."

"இப்பதான் உண்மையாக் கத்துறீர்," என்றான் அஜந்தன்.

சந்திரகுமார் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார். இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போதே. பாராட்டிப் பேச அவருக்கு வரவில்லை. ஒரு பணிஸை எடுத்துக் கடித்தபடி, "இந்தத் தலைப்பு வெவகாரத்தையும் பட்டியல்ல ஏத்திடும்மா," என்றார்.

தர்ஷிகா கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கம்பனியின் சொந்த அப்புக்கான பட்டியலைத் திறந்தாள். வரியின் தொடக்கத்தில் ஹேஷும் எண்ணும் வந்தால் போனில் தலைப்பாகிறது, ஹேஷ் மறைகிறது, கணினியில் அப்படி இல்லை என்று எழுதினாள். தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு பதிவுப் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் இலக்கம் கொடுத்தது.

குறை இல. 58.