லோகநாயகியின் நான்கு மணி நேரச் சான்றிதழ்

நசரத்பேட்டை கிடங்கு அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதிவந்தவள் லோகநாயகி. ஊழியர் எல்லோரும் நான்கு மணி நேர ஏஐ பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியே ஆகவேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. மற்றவர்கள் வீடியோவை ஓடவிட்டு டீ குடிக்கப் போனார்கள். பரீட்சை விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றின. இவள் மட்டும் நோட்டு வாங்கி உட்கார்ந்து படித்தாள். 'ஏஐ எழுதித் தருவதைச் சரிபார்க்காமல் அனுப்பாதே' என்ற வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள்.

அன்றிலிருந்து, புகார்களுக்கு அலுவலக ஏஐ எழுதித் தந்த ஒவ்வொரு பதிலையும் டெலிவரிப் பதிவோடு ஒத்துப் பார்த்தாள். கிடங்கை விட்டே கிளம்பாத சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டதாக அது கதையளந்ததை மூன்று முறை பிடித்தாள். அவள் நாளைக்கு நாற்பது பதில் அனுப்பினாள். பக்கத்து சீட் வெங்கட் ஏஐ தந்ததை அப்படியே ஒட்டி நூறு அனுப்பினான். ஆட்குறைப்பில் போனது அவள் பெயர்தான்.

"கோர்ஸ்ல சொன்னதத்தானே சார் செஞ்சுகினு கீறேன்?"

"அது கஸ்டமர் கம்பெனிக்குக் காட்டுற பேப்பர்மா," என்றார் மேலாளர் கஜபதி. "அதப் பாத்து வேல செய்யச் சொல்லி உனுக்கு யாரு சொன்னா?"

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். 'எங்கள் ஊழியர் அனைவரும் ஏஐ பயிற்சி பெற்றவர்கள்' என்று வாசலில் பேனர். அதில் சான்றிதழை நெஞ்சோடு பிடித்தபடி, வாயெல்லாம் பல்லாக, அவளே நின்றிருந்தாள்.