அர்ச்சனைக்குப் பெயர் போடப் போனது

மஹய்யாவையில் எங்கள் கோயிலுக்கு மகள்தான் கைபேசிச் செயலி செய்து கொடுத்தாள். அர்ச்சனைக்கான பெயரை மாலைப் பூசைக்கு முன் அதில் பதிய வேண்டும். மறுநாள் மனைவிக்குக் கண் ஆபரேஷன். சொன்னால் இன்னும் பயப்படுவாள் என்று, அவளுக்குத் தெரியாமல் செயலியில் இருந்த எங்கள் குடும்பப் பக்கத்தில் அவள் பெயரைப் போடப் பார்த்தேன். என் கைபேசி இலக்கத்தைக் கொடுத்ததும் செயலி திறந்தது. சேமிக்க அழுத்தினால் ‘அனுமதி இல்லை’ என்று வந்தது.

மகளிடம் காட்டினேன்.

“லொகின் சரிதாம்ப்பா. ஆனா இந்தப் பக்கத்தைப் பதிஞ்சது அம்மா. பதிஞ்ச ஆள் மட்டுந்தான் எழுதலாம்னு டேட்டாபேஸ்ல விதி வச்சிருக்கேன். நீங்க வேற ஆளுன்னு அதுக்குத் தெரியுது, அதான் விடல.”

“குடும்பத் தலைவன் நான்தானே? எல்லாருக்கும் திறந்து விடும்மா.”

“அப்புறம் யாரோட பேரையும் யாரும் அழிச்சிடலாம். அம்மா சேர்க்கிற ஆளும் எழுதலாம்னு விதியை மாத்துறேன். ஆனா உங்களைச் சேர்க்க வேண்டியது அம்மாதான்.”

வேறு வழியில்லாமல் சமையலறைக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“நம்ம வீட்டுப் பக்கத்துக்குள்ள வர, எங்கிட்ட அனுமதி கேக்குறீங்களாக்கும்?”

தன் கைபேசியில் என்னைச் சேர்த்துவிட்டாள். முருகா என்று மறுபடி அழுத்தினேன். அவள் பெயர் பதிந்துவிட்டது.

“உங்க பேரையும் போடுங்க,” என்றாள். “என்னைவிட நீங்கதான் பயந்து போயிருக்கீங்க.”

போட்டேன்.