நான்கு வாரம் பார்க்கலாம்

மேனேஜர் ஜீவானந்தத்துக்குப் பியூலா அந்த மெயிலை முதன்முதலில் எழுதியபோது, அது முழுக்க அவளுடைய அப்பாவைப் பற்றியதாகவே இருந்தது.

அப்பா தனசிங் பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போனது. விழுங்கவும் முடியாமல் போனதால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, கஞ்சியையும் மருந்தையும் அதில்தான் விட்டார்கள். அம்மா எப்போதோ போய்விட்டாள். பொழிச்சலூரில் மாடி வீட்டில் அவரும் பியூலாவும் மட்டும்தான்.

பகலில் பார்த்துக்கொள்ள கன்னியம்மா வருவாள். காலை ஒன்பதுக்கு வந்தால் மாலை ஆறுக்குக் கிளம்பிவிடுவாள். பியூலாவுக்கு மதியம் இரண்டிலிருந்து இரவு பதினொன்று வரை வேலை. கன்னியம்மா போனதற்கும் பியூலா வருவதற்கும் நடுவில் கீழ்வீட்டுக்கார அம்மா வந்து உட்காருவார். அந்த அம்மா மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போகப்போவதாகச் சொன்ன அன்றைக்குத்தான் பியூலா மெயில் எழுத உட்கார்ந்தாள். அப்பாவைத் தனியாக விடாமல் வேலையையும் விடாமல் இருக்க வேண்டும். அதற்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய விட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேலை தாம்பரம் சானடோரியம் பக்கத்தில். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுக் குறிப்புகளை வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அந்தக் குரல் இங்கே கம்ப்யூட்டருக்கு வரும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை அமுக்கி நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அப்படியே டைப் அடித்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கெடு உண்டு.

எழுதியதைப் பக்கத்து சீட்டு மஹாலட்சுமியிடம் காட்டினாள். மஹாலட்சுமிக்கு ஆறு மாதக் குழந்தை. மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். அவள் டீயைக் குடித்துக்கொண்டே படித்தாள்.

"அக்கா, இது மெயில் இல்ல, ஜெபக்கூட்டத்துல அழுதுக்கிட்டே சொல்ற சாட்சி," என்றாள். "ஜீவானந்தம் சார் இதைப் படிச்சுட்டு நிஜமாவே வருத்தப்படுவார். வருத்தப்பட்டுட்டு, ரூல்ஸ்ல இடமில்லம்மான்னு அனுப்புவார். ஏற்கெனவே மூணு பேருக்கு அப்படித்தான் வந்துச்சு."

"அப்ப நேர்ல போய்க் கேக்கட்டுமா?"

"வாயால கேட்டா வாயாலயே இல்லன்னுடுவார். மெயில்லயே கேளுங்க. ஆனா அவர் மேல காட்டுற மாதிரி எழுதுங்க. உங்களுக்கு என்ன வேணும்னு அப்புறம் பாத்துக்கலாம், டீமுக்கு என்ன லாபம்னு முதல்ல சொல்லுங்க."

நீயும் சேர்ந்து கேளேன் என்றாள் பியூலா. மஹாலட்சுமி மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். ரெண்டு பேர் கேட்டால் ரெண்டு பேருக்கும் இல்லை என்பார்கள், நீங்கள் போய் நல்லபடியாகச் செய்து காட்டுங்கள், பிறகு நான் கேட்கிறேன் என்றாள்.

டீமின் தலைவலி எதுவென்று பியூலாவுக்குத் தெரியாமல் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு இரவு ஷிப்ட்காரர்களை வேன் ஏற்றிக்கொண்டு போய்விடும். காலை ஷிப்ட் எட்டு மணிக்குத்தான் வரும். அந்த இடைவெளியில் அமெரிக்காவில் சாயங்காலம். அவசர ஃபைல்கள் வந்து குவியும். இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டியவை அப்படியே கிடந்து கெடு தாண்டும். மாதா மாதம் ஃபைல் அனுப்புகிற அமெரிக்க ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வரும்.

பியூலா இரண்டாவது தடவை எழுதினாள். அந்த இடைவெளியைத்தான் முதல் வரியிலேயே வைத்தாள். விடியற்காலை ஐந்து முதல் ஒன்பது வரை, மறுபடி மாலை ஆறு முதல் பத்து வரை, வீட்டிலிருந்தே தான் வேலை செய்வதாகவும், காலையில் வரும் அவசர ஃபைல் ஒன்றும் தேங்காது என்றும், இதற்காக யாரையும் புதிதாக வேலைக்கு எடுக்கவோ வேன் அனுப்பவோ வேண்டாம் என்றும் எழுதினாள். ஆறு வாரம் சோதனையாகப் பார்க்கலாம், வாரா வாரம் பிழைக் கணக்கும் கெடுக் கணக்கும் தானே அனுப்புகிறேன், தரம் குறைந்தால் மறுநாளே பழைய ஷிப்டுக்கு வந்துவிடுகிறேன் என்று முடித்தாள். அப்பா என்ற சொல் எங்கேயும் இல்லை.

ஜீவானந்தம் இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டார். நோயாளிகளின் விவரம் ஆபீசை விட்டு வெளியே போவதற்கு யார் பொறுப்பு, நெட் போனால் என்ன செய்வாய் என்ற இரண்டே கேள்விகள். கம்பெனி கம்ப்யூட்டரிலேயே வேலை செய்வேன், பிரிண்டர் வேண்டாம், பென் டிரைவ் செருகுகிற வழியை அடைத்தே கொடுங்கள், பூட்டுப் போடக்கூடிய தனி அறை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து சோதிக்கலாம் என்று எழுதினாள். நெட் போனால் உடனே போன் செய்து ஃபைலைத் திருப்பி விடுவதாகவும், பிராட்பேண்டும் யூபிஎஸ்ஸும் தன் செலவு என்றும் சேர்த்தாள்.

அடுத்த பதிலில் அவர் ஆறு வாரத்தை நான்காக்கினார். செவ்வாய்க்கிழமைகளில் ஆபீசுக்கு வர வேண்டும் என்றார். செவ்வாய் வருகிறேன், ஆனால் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை என்று அவள் எழுதினாள். அது கன்னியம்மா இருக்கிற நேரம் என்று சொல்லவில்லை. காலை ஷிப்ட்காரர்களையும் மதிய ஷிப்ட்காரர்களையும் ஆபீசில் பார்க்கக்கூடிய நேரம் அது என்று சொன்னாள். அதுவும் உண்மைதான். 'சரி, நான்கு வாரம் பார்க்கலாம். திங்கள் முதல்' என்று பதில் வந்தது.

பூட்டுப் போடக்கூடிய அறை அந்த வீட்டில் அப்பாவின் அறை ஒன்றுதான். போன் பாயிண்டும் அங்கேதான் இருந்தது. புதன்கிழமை கம்பெனி ஆட்கள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, கம்ப்யூட்டரை வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா இடது கையை லேசாகத் தூக்கி அதைக் காட்டினார். "ஆமாப்பா, திங்கக்கிழமையிலேர்ந்து நான் இங்கதான்," என்றாள் பியூலா.

வியாழக்கிழமை மதியம் அவள் ஆபீசில் இருந்தபோது கன்னியம்மா போன் செய்தாள்.

"யம்மா, சாருக்கு மூச்சு இல்ல. டாக்டரு வந்து பாத்துட்டாரு. நீ பதறாத வாம்மா, நான் இங்கதான் கீறேன்."

பியூலா போனை வைத்துவிட்டு மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கையில் இருந்த ஃபைலில் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. அதை முடித்து, ஒரு தடவை சரிபார்த்து, அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

அடக்கம் முடிந்தது. சபையிலிருந்து வந்தவர்கள் பாடினார்கள், சாப்பாடு கொண்டு வந்தார்கள். பியூலா எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பது போல இருந்தது.

ஜீவானந்தத்திடமிருந்து மெயில் வந்தது. துக்கம் விசாரித்து நாலு வரி. நன்றாகவே எழுதியிருந்தார். பிறகு, சோதனையை ஒரு வாரம் தள்ளி வைக்கலாம் என்றும், காலையில் ஆள் இருக்கும் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாகிவிட்டது, அவர்களுக்கு மிகவும் சந்தோஷம் என்றும் இருந்தது. அப்பா இறந்ததற்கும் இந்த ஏற்பாட்டுக்கும் அவர் முடிச்சுப் போடவில்லை. அவள் அனுப்பிய எந்த மெயிலிலும் அப்படி ஒருவர் கிடையாது.

வேண்டாம் என்று எழுதிவிடலாம். எதைக் காரணம் சொல்வது? டீமுக்கான லாபமெல்லாம் அப்படியே இருந்தது. அடக்கத்துக்கு வந்த மஹாலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாவிட்டாலும், நீங்கள் செய்து காட்டினால்தானே நான் கேட்க முடியும் என்பது பியூலாவுக்குக் கேட்டது. 'சரி சார்' என்று பதில் போட்டாள்.

சோதனை தொடங்கியதும், விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே எழுந்து அந்த அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வேலை செய்தாள். கட்டில் காலியாகக் கிடந்தது. குழாய் வழியாகக் கஞ்சி விடுகிற பெரிய ஊசிக்குழல் ஜன்னல் மேடையில் அப்படியே இருந்தது. பக்கத்து ஏர்போர்ட்டுக்கு விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது டாக்டர் குரல் கேட்காது. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, அது போகிற வரைக்கும் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விழுங்க முடியாதவர்களைப் பற்றியும் ஃபைல்கள் வந்தன. பிழையில்லாமல் அடித்தாள். ஒன்பதிலிருந்து ஆறு வரை என்ன செய்வதென்று தெரியவில்லை. கன்னியம்மா வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை மட்டும் ரயிலேறி ஆபீசுக்குப் போவாள். அன்றைக்குத்தான் சோறு இறங்கும்.

வாரக் கணக்கு பிரமாதமாக இருந்தது. ஒரு ஃபைல்கூடக் கெடு தாண்டவில்லை.

மூன்றாவது வாரம் ஜீவானந்தம் வீட்டைச் சோதிக்க வந்தார். அவள் மெயிலில் தானாகவே கொடுத்திருந்த அனுமதிதான். பூட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தார், ஜன்னல் மேடையைப் பார்த்தார். உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பா இந்த ரூம்லதான் இருந்தாராம்மா?"

"ஆமா சார்."

"அவருக்காகத்தான் கேட்டியா?"

"ஆமா சார்."

"ஏம்மா, இதை ஒரு வரி எழுதியிருக்கலாமே."

"எழுதியிருந்தா குடுத்திருப்பீங்களா சார்?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடுத்திருக்க மாட்டேன்," என்றார்.

பியூலா டீ போட்டுக் கொடுத்தாள். தான் ஆபீசுக்கே திரும்பி வர முடியுமா என்று அவர் குடித்து முடித்த பிறகு கேட்டாள். இவ்வளவு நன்றாகப் போகிறதை எப்படி நிறுத்துவது, மேலே என்ன சொல்வது என்று அவர் தயங்கினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "மெயில் போடும்மா," என்றார். "எப்படிப் போடணும்னு உனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. சோதனையில் வந்த கணக்கை முதலில் வைத்தாள். விடியற்காலை வேலை ஒரே ஆளை நம்பி இருப்பது டீமுக்கு ஆபத்து, இன்னொருவரும் பழக வேண்டும் என்றாள். மஹாலட்சுமி தயாராக இருக்கிறாள், இதே கம்ப்யூட்டரை அவள் வீட்டுக்கு மாற்றினால் போதும், செலவில்லை, அவளுக்கும் நான்கு வாரம் சோதனை வைக்கலாம் என்றாள். தான் பழைய ஷிப்டில் ஆபீசில் இருந்தால் மஹாலட்சுமிக்கு வரும் சந்தேகங்களைத் தீர்க்கவும், புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆகும் என்றாள். எல்லாம் உண்மைதான். கடைசியில், 'நான் முதலில் இதைக் கேட்டது என் அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக' என்று ஒரு வரி சேர்த்தாள். அதனால் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும் அழிக்காமல் அனுப்பினாள்.

பதிலில் அந்த வரியைப் பற்றி ஒன்றுமில்லை. மஹாலட்சுமிக்கு நான்கு வாரம், செவ்வாய்க்கிழமை ஆபீஸ், மற்றதெல்லாம் முன்போலவே என்று இருந்தது.

பியூலா மறுபடி மதியம் இரண்டு மணிக்கு சானடோரியத்தில் இறங்க ஆரம்பித்தாள். முதல் நாள் மாலை ஆறரைக்கு அவள் மேசையில் போன் அடித்தது.

"அக்கா, இந்த டாக்டர் என்ன மருந்து சொல்றார்னே புரியலக்கா. நாலு தடவை கேட்டுட்டேன்." பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது. "ஐயோ, இவ வேற. சாரிக்கா, மாமியார்கிட்ட குடுத்துட்டு வந்து கூப்பிடுறேன்."

"வெக்காத," என்றாள் பியூலா. "அவ அழட்டும். நீ ஃபைல் நம்பரைச் சொல்லு."

மஹாலட்சுமி நம்பரைச் சொன்னாள். பியூலா ஒரு காதில் போனையும் இன்னொரு காதில் ஹெட்போனையும் வைத்துக்கொண்டு, பெடலை அமுக்கினாள்.