தம்பினிலிருந்து வந்த அழைப்பு

மிஸ்ஸியை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது, கிளினிக் சுவரில் தொங்கிய கறுப்புத் தொலைபேசிதான். மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் ஜப்பான்காரன் பிடுங்காமல் விட்டுவைத்த ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று. டாக்டரை ராணுவத்துக்கு வேலை செய்ய அழைத்துக்கொண்டு போய்விட்டதால், நர்ஸான மிஸ்ஸிதான் கிளினிக்கை நடத்தினார். புதுத் துணிக்கு வழியில்லாத காலம். பழைய கட்டுத்துணிகளைக் கொதிக்கவைத்து, உலர்த்தி, மடித்துவைப்பது என் வேலை. மடிப்பு கோணினால், "இதுல புண்ணைக் கட்டணும், பொட்டலம் இல்ல" என்பார். அவர் வாய்க்குப் பயந்தே நேராக மடிக்கப் பழகினேன். பயந்தேனே தவிர, அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

என் வீட்டுக்காரரை சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எந்தச் சேதியும் இல்லை. ஒரு காலைப்பொழுதில் மிஸ்ஸி உள்ளே ஒரு குழந்தையின் கட்டியைக் கீறிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. நான் எடுத்தேன். ரயில் வந்து நிற்கும் தம்பின் ஊரிலிருந்து ஓர் ஆண்குரல், இரைச்சலுக்கு நடுவே.

"சயாம் போனவரோட வீட்டுக்காரம்மாவா?"

ஆமாம் என்றேன். பொய்யில்லையே. அவர் திரும்பி வந்துவிட்டார், ஸ்டேஷனுக்கு எதிரே கடை வாசலில் படுத்திருக்கிறார், காலில் பெரிய புண், நடக்க முடியாது, வண்டி கொண்டு வாருங்கள் என்றது குரல். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு வரும் தண்டவாளத்தைத்தான் ஜப்பான்காரன் பெயர்த்து எடுத்துப் போயிருந்தானே, வேறு வழியில்லை. சரிபார்க்க அவர் பெயரைச் சொல்லும்படி அந்த மனிதர் கேட்கவும் செய்தார். வீட்டுக்காரர் பெயரை நான் எப்படிச் சொல்வது என்றேன். அவரும் நம் ஆள்தானே, புரிந்துகொண்டார். "பரவால்லம்மா, சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வெளியூர் அழைப்பில் நிறுத்தி நிதானமாகப் பேச முடியாது.

தம்பினில் அவர் வந்துவிட்டார் என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மாட்டுவண்டிக்கு யாரைக் கேட்பது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. மிஸ்ஸி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து வழியை மறித்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வந்திருப்பவர் பெயர் என்ன? அதை நான் கேட்கவே இல்லை என்றேன்.

அப்போதெல்லாம் நாமாக எண்ணைச் சுழற்றிப் பேச முடியாது. கைப்பிடியைச் சுற்றினால் தொலைபேசி நிலையத்துப் பெண் வருவாள். எண்ணைச் சொன்னால் பலகையில் அந்த எண்ணுக்குரிய துளையில் கம்பியைச் செருகுவாள். துளைகள் நெருக்கமானவை, கை தவறுவது உண்டு. மிஸ்ஸி கைப்பிடியைச் சுற்றி, சற்றுமுன் தம்பினிலிருந்து வந்த அழைப்புக்கு எந்த எண் கேட்டார்கள் என்று மலாயில் விசாரித்தார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, கேட்டது எங்களுக்கு அடுத்த எண் என்று ஒப்புக்கொண்டாள். அது எங்கள் தெருக்கோடி மளிகைக்கடை. அக்கம்பக்கத்தாருக்கு வரும் சேதிகளைக் கடைக்காரர் வாங்கிச் சொல்வார். மிஸ்ஸி மறுபடி தம்பினுக்கே இணைக்கச் சொன்னார். அந்த மனிதர் வந்ததும் ஆளின் பெயரைக் கேட்டு, என்னைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் பெயர் இல்லை.

வைத்துவிடுங்கள் என்று கையைக் காட்டினேன். மிஸ்ஸி பேசும் குழலைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"அவன் சேதி சொல்லியாச்சுன்னு நிம்மதியாப் போயிருவான். அங்க ஒருத்தன் வண்டி வரும்னு படுத்துக் கிடப்பான். நீதான ஆமான்னு சொன்ன. நீயே சொல்லு."

குழலை வாங்கினேன்.

"ஐயா, இது நீங்க கேட்ட நம்பர் இல்லைங்க. மாத்திக் குடுத்துட்டாங்க. நான் வேற ஒருத்தரோட வீட்டுக்காரம்மா. மறுபடி கேட்டு அந்த அம்மாகிட்ட சொல்லிருங்க. நல்ல சேதி, தாமதிக்க வேணாம்."

அவர் பதறிப்போனார். தெரியாமல் உங்கள் மனசைக் கலைத்துவிட்டேனே என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். உங்கள் மேல் தப்பில்லை, படுத்திருப்பவருக்குக் கொஞ்சம் கஞ்சி கிடைத்தால் கொடுங்கள் என்று சொல்லி வைத்தேன். இரண்டு நாளில் சயாமிலிருந்து வந்த அந்தக் கால் புண்காரரை வண்டியில் கிளினிக்குக் கொண்டு வந்தார்கள். நான் மடித்த துணியால்தான் மிஸ்ஸி அவர் காலைக் கட்டினார். பக்கத்தில் நின்ற அவர் மனைவியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. சந்தோஷமும் இருந்தது.

இப்போது என் கைப்பேசிக்கு யார் யாருக்கோ போகவேண்டிய சேதிகள் வருகின்றன. அழித்துவிடுங்கள் பாட்டி என்கிறாள் பேத்தி, என் தம்பியின் மகன் வயிற்றுப் பெண். நான் கேட்பதில்லை. எண் மாறி வந்துவிட்டது, சரியான ஆளுக்கு அனுப்புங்கள் என்று தட்டித் தடவி எழுதிவிட்டுத்தான் வைக்கிறேன்.

அன்று தொலைபேசியை வைத்ததும் மிஸ்ஸி என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். "நீ இல்லாதப்ப நெசமாவே ஒரு அழைப்பு வந்தா, நான் யாருன்னு கேக்கறது?" என்றார். சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்தது அதுதான் முதல் முறை. போர் முடிந்து டாக்டர் திரும்பிய பிறகும், வெளியூர் அழைப்பு எது வந்தாலும் மிஸ்ஸி அந்தப் பெயரைச் சொல்லித்தான் முதலில் விசாரிப்பார். ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை.