நடை வரை தங்கப்பன்

தங்கப்பனுக்கு வயது ஐம்பத்தெட்டு. பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைக்காரர். திருவனந்தபுரத்தில் படுக்கையில் கிடக்கும் ஆண்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆரியசாலையில் அழகியநம்பி வீட்டுக்கு வந்து அன்றைக்கு இருபத்திரண்டு நாள். அதில் ஒருநாள்கூட முழுதாகத் தூங்கவில்லை.

அழகியநம்பி செயலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கைநடுக்கமும் கால் விறைப்புமாக ஐந்து வருடம். பிடிக்க ஆள் இல்லாமல் நிற்க முடியாது. தெருக்கோடியில் இருக்கும் தேவி கோவிலுக்குப் போகவேண்டும் என்று ஒரு வாரமாக ஒரே பிடி.

ஆபீசுக்குக் கிளம்பிய மகன் சுனில், தங்கப்பனைத் தனியே கூப்பிட்டான்.

"சேட்டா, நீங்களே உள்ள கூட்டிட்டுப் போங்க. பேரு தங்கப்பன்தானே, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. குழப்பமில்ல."

வாதாடுகிற தெம்பு தங்கப்பனுக்கு இல்லை. பேன்ட்டை மாற்றி வேட்டி கட்டிக்கொண்டார். சக்கர நாற்காலியைக் கோவில் வாசலில் நிறுத்தினார். இருவர் செருப்பையும் கழற்றி, குழாயில் பெரியவரின் காலைக் கழுவிவிட்டு, அவர் சட்டையைக் கழற்றினார். தன் சட்டையையும் கழற்றி நாற்காலியில் போட்டார். செல்போனை அணைத்தார். பிறகு பெரியவரைத் தாங்கியபடி நேரே ஆபீஸ் அறை ஜன்னலுக்குப் போனார்.

உள்ளே காரியதரிசி சிவதாணு ரசீது எழுதிக்கொண்டிருந்தார்.

"சாரே, நான் கிறிஸ்தியானி. இவரைப் பிடிச்சிட்டு வந்தேன். எதுவரை வரலாம்?"

சிவதாணு நிமிர்ந்தார். "சொல்லலேன்னா தெரிஞ்சிருக்காதே."

"அதுனாலதான் சொல்லுகேன், சாரே."

சிவதாணு ஜன்னல் வழியே கையைக் காட்டினார். "வெளிப் பிரகாரம் வரை வாரும். நாலம்பலத்துக்குள்ள வேண்டாம். இங்க அதுதான் வழக்கம். சில கோவில்ல வெளிவாசலே தாண்ட விடமாட்டா."

"அப்போ இவரை ஆரு பிடிப்பா?"

சிவதாணு பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

கருவறையைச் சுற்றிய நாலம்பலத்தின் வாசல் வரை தங்கப்பன் கொண்டுவந்து, பெரியவரின் இடது கையைச் சிவதாணுவிடம் மாற்றிக் கொடுத்தார். உயரமான வாசற்படி. அதை மிதிக்காமல் தாண்டவேண்டும். அந்த இடத்தில் அழகியநம்பியின் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. சிவதாணு இழுத்தார்; உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் வரவில்லை. வீட்டில் என்றால் தங்கப்பன் சத்தமாக ஒன்று, இரண்டு எண்ணுவார். இங்கே உள்ளே பூஜை. மணிச்சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

"இழுக்காதீங்க, சாரே," என்று அடிக்குரலில் சொன்னார். தோளிலிருந்த தோர்த்துத் துண்டை முறுக்கி நீட்டினார். "இதைப் படிக்கு அப்பால குறுக்கே போடுங்க. தாண்ட ஒரு வரை தெரிஞ்சா கால் தன்னால எழும்பும்."

சிவதாணு ஒரு கையால் பெரியவரைப் பிடித்தபடி தோர்த்தை வாங்கிப் போட்டார். அழகியநம்பி அதையே உற்றுப் பார்த்தார். வலது கால் எழுந்தது. பின்னாலேயே இடதும் வந்தது.

தங்கப்பன் ஒதுங்கி நின்றார். கைகளில் யாருடைய பாரமும் இல்லை. அப்போதுதான் இடுப்பு வலி முழுதாகத் தெரிந்தது. சுவரோரம் பூத்தொடுத்துக்கொண்டிருந்த நாச்சியார் அவரைப் பார்த்தாள்.

"இருங்க அண்ணாச்சி. தேவி நடைக்கு நேரா மட்டும் கால் நீட்டாண்டாம்."

சம்மணமிட்டு உட்கார்ந்தார். அடுத்த நொடி உறங்கிப்போனார்.

"டே, தங்கப்பா!"

கண் விழித்தால் எதிரே அழகியநம்பி, நெற்றியில் சந்தனத்தோடு. சிவதாணு வியர்த்துப்போய் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தார். பெரியவரின் நடுங்கும் கையில் வாழையிலைத் துண்டு. அதில் கெட்டியான சர்க்கரைப் பாயசம்.

"இந்தா, நீ தின்னு."

தங்கப்பன் எழுந்து, இடது கையை அடியில் கொடுத்து வலது கையால் வாங்கினார்.

"நான் வாங்கிக்கிடுகேன், சாரே. திங்க மாட்டேன். வெசனப்படாதீங்க."

"சபையில ஏசுவாளோ?"

"அது மட்டுமில்ல. எனக்கே மனசு வராது."

அழகியநம்பி தலையசைத்தார். "செரி. கீழ வச்சிராதே."

தங்கப்பன் பெரியவரைத் தூணோரம் உட்காரவைத்தார். கையைக் கழுவிவந்து, பாயசத்தை விரலால் நன்றாக மசித்து, தொண்டையில் சிக்காமல் துளித்துளியாக ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் விழுங்கினாரா என்று பார்த்தார். மிச்சத்தை வீட்டிலிருக்கும் மருமகள் மீனுவுக்காக இலையோடு மடித்துக்கொண்டார்.

சாயங்காலம் சுனில் கேட்டான். "ஒண்ணும் கேக்கலல்லே?"

"கேக்கல. நானே சொன்னேன்."

சுனில் முகம் சுருங்கியது. "எதுக்கு சேட்டா வேண்டாத வேலை? அப்பாவைத் திருப்பி அனுப்பியிருந்தா?"

"திருப்பி அனுப்பலயே," என்றார் அறைக்குள்ளிருந்து அழகியநம்பி. "அடுத்த வெள்ளிக்கும் போவோம். சிவதாணுகிட்ட சொல்லியாச்சு."

தங்கப்பன் ராத்திரி மாத்திரைகளைப் பிரிக்க உட்கார்ந்தார். அடுத்த வெள்ளிக்கு இன்னும் ஏழு நாள். அன்றைக்கும் அந்தச் சுவரோரம் கால்மணி நேரம் கண்மூடக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டார்.